மரைத்துளையை வரைவது எப்படி

எம்8 மரைத்துளைக்கு 6.8 மி.மீ. துரப்பணத்தால் துளையிட்டு, பிறகு டேப்பால் மரை வெட்டுவார்கள். கணினி மாதிரியில் சுருள் பள்ளத்தைச் செதுக்க வேண்டியதில்லை. கோப்பு வீணாகக் கனக்கும். துளையை மட்டும் வைத்து, மரையை அடையாளக் கோடுகளால் காட்டினால் போதும். அதுவே காஸ்மெடிக் மரை.

நேர்ப்பார்வையில் துளையின் வட்டம் தடித்த கோடு. அதைச் சுற்றி 8 மி.மீ. விட்டத்தில் மெல்லிய வட்டம், முக்கால் பங்கு மட்டும். முழுதாக மூடிவிட்டால் படிவைத்த துளை என்று பணிமனையில் நினைத்துவிடுவார்கள். வெட்டுத்தோற்றத்தில் சாய்கோடுகள் மெல்லிய கோட்டைக் கடந்து தடித்த கோடுவரை செல்ல வேண்டும்; பலர் தவறுவது இங்கேதான்.

குறிப்பில் M8 – 6H என எழுதி, மரை ஆழம் 16, துளை ஆழம் 22 என இரண்டையும் தர வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் டேப் அடியில் முட்டி உடையும்.

கேஸ்கெட் அமரும் முகத்துக்கு Ra 1.6 குறியிடலாம். குறியின் முனை, பொருளுக்கு வெளியிலிருந்து அந்த முகக்கோட்டைத் தொட வேண்டும். குறியின் குட்டைக் கையிலிருந்து கிடைக்கோடு இழுத்திருந்தால், கடைந்தோ சீவியோ அங்கே பொருளை அகற்றியாக வேண்டும். அங்கே வட்டம் இருந்தால் அகற்றக்கூடாது. வார்ப்பின் மேற்பரப்பை அப்படியே விட வேண்டும்.