வைஃபை இருக்கு, நெட் இல்லை: அறுந்தது எங்கே?

செல்போனின் மேல் மூலையில் வைஃபை குறி முழுசாக நிற்கிறது. அதற்குக் கீழே "Connected, no internet" என்று ஒரு வரி. தென்காசியிலும் குற்றாலத்திலும் சீசன் மாதங்களில் இந்த வரியைப் பார்க்காத வீடு குறைவு. பார்த்ததும் பலரும் செய்வது இரண்டு காரியம். முதலில் பெட்டியை அணைத்துப் போடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு ஊசியை எடுத்துப் பெட்டியின் பின்பக்கத் துளையில் குத்தி ரீசெட் செய்துவிடுவார்கள். முதல் காரியம் அவசரம், இரண்டாவது ஆபத்து. இணைப்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் பெட்டியில் கைவைக்கவே கூடாது என்பது என் கட்சி. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை. பத்து நிமிடப் பொறுமை போதும்.

அந்த வரி எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு போன் நமக்குத் தெரியாமல் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண் பதிலாக வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு கட்டும். வராவிட்டால் இல்லை என்று எழுதிவிடும். விண்டோஸ் கணினி இதே சோதனையை மைக்ரோசாஃப்டின் முகவரியில் செய்கிறது. ஆக, "Connected" என்ற சொல் போனுக்கும் கூடத்தில் இருக்கும் பெட்டிக்கும் இடையிலான சில மீட்டரை மட்டும் பேசுகிறது. "no internet" என்பதோ அதற்கு அப்பால் எங்கோ ஓரிடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்கிறது. எந்த இடம் என்று சொல்வதில்லை. வாடிக்கையாளர் "வைஃபை நல்லாத்தான் இருக்கு" என்பதும், கம்பெனிக்காரர் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இரண்டு பேரும் வழியின் வேறு வேறு துண்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முதல் துண்டு, போனிலிருந்து பெட்டி வரை. சோதிக்கும் முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் நெட் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும்; பிறகு எந்தச் சோதனையும் பொய் சொல்லும். அடுத்து, வீட்டிலுள்ள இன்னொரு போனைப் பார்க்க வேண்டும். அதில் நெட் வருகிறது என்றால் கோளாறு முதல் போனில்தான்: தேதி தப்பாக இருக்கலாம், விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், Private DNS என்ற அமைப்பில் யாரோ எதையோ எழுதி வைத்திருக்கலாம். இவற்றுக்காகக் கம்பெனிக்கு போன் போடுவது வீண்.

குற்றாலத்து லாட்ஜ்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் இந்த முதல் துண்டுக்கே உரிய ஒரு நோய் உண்டு. பெட்டி தன்னிடம் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் கொடுக்கும். அப்படிக் கொடுக்க 192.168.1.100 முதல் 149 வரை ஐம்பது முகவரிதான் கையில் இருக்கிறது என்று வையுங்கள். ஒருமுறை கொடுத்ததை 24 மணி நேரம் வரை திரும்ப எடுப்பதும் இல்லை. காலையில் குளித்துவிட்டு அறையைக் காலி செய்து போனவர்களின் போன்கள் அந்த முகவரிகளைப் பிடித்துவைத்தபடியே ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஐபோனிலோ மடிக்கணினியிலோ இணைப்பு விவரத்தைத் திறந்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். பெட்டி எதுவும் தராததால் கருவி தானே போட்டுக்கொண்டது அது. நேற்றிலிருந்து தங்கியிருப்பவருக்கு நெட் வரும், புதிதாக வந்தவருக்கு வராது. லைன்மேனை வரவழைத்துப் பயனில்லை. முகவரி வரம்பை 2 முதல் 254 வரை விரித்து, பிடித்துவைக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் முடிந்தது.

இரண்டாவது துண்டு பெட்டியிலிருந்து கம்பெனியின் கருவி வரை ஓடும் ஃபைபர். அதன் நிலையைச் சொல்பவை பெட்டியின் விளக்குகள். PON என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் அந்தப் பக்கத்துக் கருவியோடு பேச்சு நடக்கிறது. அது விட்டு விட்டு எரிந்தால் பதிவு செய்ய முயன்று தோற்கிறது. LOS சிவந்தால் ஒளியே வரவில்லை. சாரல் ஃபைபருக்குள் போகும் ஒளியை ஒன்றும் செய்யாது. ஆனால் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும், காற்றில் கிளை முறிந்து ஒயர்மேல் விழும், குரங்குகள் ஒயரைப் பிடித்துத் தொங்கும். வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தும்போது ஒயர் மடங்கிப்போவதும் உண்டு. உலாவியில் திறக்கும் பெட்டியின் பக்கத்தில் ஒளியின் அளவு எண்ணாகத் தெரியும். மைனஸ் 20, 22 என்று இருந்தால் நிம்மதி. வழக்கமான பெட்டிகள் மைனஸ் 27 வரை தாங்கும். மூன்று எண் இறங்கினால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. அதனால் நெட் நன்றாக ஓடும் நாளிலேயே இந்த எண்ணைக் குறித்துவைப்பது நல்லது. கோளாறு நாளில் ஒப்பிட வேறு வழியில்லை. செருகியிருக்கும் பச்சைக் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கலாம். கழற்றி அதன் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

விளக்கெல்லாம் பச்சை, ஆனாலும் நெட் இல்லை. பலரும் குழம்பி ஊசியைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். PON விளக்கு கம்பெனியின் அருகிலுள்ள கருவி வரைக்கும்தான் சாட்சி சொல்லும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று பார்க்க, உலாவியில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் பக்கத்தில் WAN என்ற பகுதியைத் திறக்க வேண்டும். (பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதை அடியுங்கள்.) அங்கே முகவரி 0.0.0.0 என்று இருந்தால், ஒளி வந்தும் உங்கள் கணக்கு உள்ளே அனுமதிக்கப்படவில்லை. ரீசார்ஜ் தேதி தாண்டியிருக்கலாம், அல்லது கம்பெனியின் சர்வர் படுத்திருக்கலாம். முகவரி 100.64 போல ஏதாவது இருந்தால் பதற வேண்டாம். ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை அது, கோளாறு அல்ல. ரீசெட் ஏன் ஆபத்து என்பதும் இங்கே விளங்கும். உள்ளே நுழையத் தேவையான பயனர் பெயர், கடவுச்சொல், கம்பெனி போட்டுக்கொடுத்த VLAN எண் எல்லாம் பெட்டிக்குள் எழுதி வைக்கப்பட்டவை. ஊசி குத்தியதும் அவை அழிந்துபோகும். கம்பெனியில் ஒரு மணி நேரத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, ஆள் வந்து பெட்டியை மறுபடி அமைக்கும் வரை நீளும். சில பெட்டிகள் அமைப்பைத் தாமாகவே மீட்டுக்கொள்ளும்தான். உங்களுடையது அந்த வகையா என்று குத்துவதற்கு முன் எப்படித் தெரியும்?

WAN முகவரி சரியாக இருந்தால் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து இந்த நான்கையும் வரிசை மாறாமல் அடிக்கலாம்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
nslookup google.com
nslookup google.com 8.8.8.8
```

முதலாவது தோற்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது பதில் தந்து இரண்டாவது தோற்றால், பெட்டிக்கு வெளியே வழி இல்லை. சில இடங்களில் இந்தச் சோதனையையே தடுத்திருப்பார்கள் என்பதால் 1.1.1.1 என்ற முகவரியையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டும் பதில் தந்து மூன்றாவது மட்டும் தோற்றால் வழி திறந்திருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. நான்காவது வெற்றி பெற்றால் அது உறுதி: கூகுளின் டிஎன்எஸ் பதில் சொல்கிறது, கம்பெனியுடையது சொல்லவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த சில செயலிகள் ஓடும், உலாவியில் புதுப் பக்கம் எதுவும் திறக்காது என்ற விசித்திரமான நிலைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

"அப்படியானால் எப்போதைக்குமாகப் பொது டிஎன்எஸ்ஸை வைத்துவிட்டுப் போகலாமே" என்பார்கள். வைக்கலாம், அதுவும் விழாத தூண் அல்ல. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சேவை 2025 ஜூலை 15 அதிகாலை, நம் நேரப்படி 3.22 முதல் 62 நிமிடம் உலகம் முழுக்க நின்றுபோனது. யாரும் தொடுத்த தாக்குதல் அல்ல, அந்த நிறுவனமே செய்த ஓர் அமைப்புப் பிழை. அதை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் லைன் நன்றாக இருந்தும் நெட் இல்லை என்றே காட்டியிருக்கும். பெட்டியில் டிஎன்எஸ் முகவரி எழுத இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் ஒரே நிறுவனத்தை எழுதாமல் 8.8.8.8, 1.1.1.1 என்று இடத்துக்கொன்றாக எழுதினால் போதும். ஆனால் LOS சிவந்திருக்கும்போது டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் எதுவும் ஆகாது.

இன்னொரு மறுப்பு வலுவானது: "அணைத்துப் போட்டால் பத்தில் பாதி தடவை சரியாகிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" சரியாகிறது, மறுக்கவில்லை. தொங்கிப்போன இணைப்பு புதிதாகத் தொடங்கும், பெட்டியின் நினைவு காலியாகும். ஆனால் அணைத்த கணத்தில் எந்த விளக்கு எரிந்தது, WAN முகவரி என்ன என்ற தடயமும் போய்விடும். வாரத்துக்கு மூன்று நாள் இதே கதை நடக்கிற வீட்டில் தடயம்தான் முக்கியம். அதனால் முதலில் விளக்குகளை ஒரு படம் எடுங்கள், பிறகு அணையுங்கள். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருக்கும் வீட்டில், கரண்ட் போய் வந்த பிறகு ஃபைபர் பெட்டியை முதலில் போட்டு, PON நிலைத்த பிறகு ரவுட்டரைப் போட வேண்டும்.

"சின்ன ஊர், நெட் இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ அலுவலகம் இயங்குகிறது; ஊரின் அளவு தடை என்றால் அது நடந்திருக்காது. உண்மையான பலவீனம், அருகிலுள்ள கருவிக்கும் பெரிய நகரத்துக்கும் இடையிலான நீண்ட ஃபைபர். சாலை வேலையில் ஜேசிபி அதை அறுத்தால் தெரு முழுக்கப் பச்சை விளக்கோடு நெட் இல்லாமல் இருக்கும். அதை அறிய ஒரே வழி, அதே கேபிள்காரரிடம் லைன் வாங்கிய பக்கத்து வீட்டில் கேட்பது. அங்கேயும் இல்லை என்றால் உங்கள் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

கம்பெனிக்கு போன் போடும்போது "நெட் வரல" என்று மட்டும் சொன்னால் மறுமுனையிலிருந்து அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "PON பச்சை, LOS அணைந்திருக்கு, WAN முகவரி 0.0.0.0, ரீசார்ஜ் தேதி இன்னும் தாண்டல, பக்கத்து வீட்லயும் இல்ல, ஆறே கால் மணியிலேர்ந்து" என்று சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் டிராய் விதிமுறைப்படி புகார் எண் தருவது அவர்கள் கடமை. பதில் திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் போகலாம், அப்போதும் அந்த எண்தான் கேட்பார்கள்.