ஒரே நோட்டீஸ், நாலு திரை

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் சிறு கடை ஒன்று தீபாவளிக்கு விளம்பரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஏ4 அளவில் நோட்டீஸ் தயாராகிறது. உச்சியில் கடைப் பெயர், நடுவில் ஆறு சேலைகள், அடியில் விலையும் போன் நம்பரும். அச்சுக்குப் போன அதே படம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நான்கிலும் ஏறுகிறது. “மேலும் பார்க்க இந்த லிங்க்கை அழுத்துங்கள்” என்ற வாசகமும் கூடவே போகிறது. போட்டது நாலு இடத்தில். விசாரித்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

முதல் சேதம் இன்ஸ்டாகிராமில். அங்கே ஒரு படம் 1080 புள்ளி அகலம் இருந்தால் அதிகபட்சம் 1440 புள்ளி உயரம்தான் இருக்க முடியும். ஏ4 தாளின் உயரமோ அதே அகலத்துக்கு 1527 வரும். மிச்சம் 87 புள்ளி மேலும் கீழும் வெட்டுப்படும். கடைப் பெயரும் போன் நம்பரும் இருப்பது சரியாக அந்த ஓரங்களில்தான்! தப்பிப் பிழைத்த ஆறு சேலைகளும் உள்ளங்கையளவு திரையில் கைக்குட்டைகளாகத் தெரியும்.

அடுத்தது லிங்க். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் லிங்க் ஒட்டினால் அது வெறும் எழுத்து. அழுத்தினால் எங்கும் போகாது. லிங்க் வேலை செய்யும் இடம் கடையின் பயோ. வாசகத்திலும் முதல் ஓரிரு வரிகளைத் தாண்டி மற்றதெல்லாம் மடிந்துகொள்ளும். “அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்” என்று தொடங்கினால் அந்த இடம் வாழ்த்துக்கே போய்விடும். சேலையும் விலையும் முதல் வரியில் வரவேண்டும். வாழ்த்து கடைசியில் இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆகவே இன்ஸ்டாகிராமுக்கு நோட்டீஸைப் பிரித்துப் போடுவதே வழி. ஒரே பதிவில் 20 படங்கள் வரை அடுக்கலாம். முதல் படத்தில் ஒரே ஒரு சேலை, அதன் முடிச்சுப் புள்ளிகள் தெரியும் அளவு நெருக்கத்தில், எழுத்தே இல்லாமல். மற்ற ஐந்தும் அடுத்தடுத்த படங்களில். விலைப்பட்டியல் கடைசியில். இதற்கு ஒரு காரணமும் உண்டு. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியமான அளவுகோல்கள் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் விளக்கினார். கணக்கைப் பின்தொடராத புதியவர்களிடம் பதிவு போய்ச் சேர, பிறருக்கு அனுப்பப்படுவதே கூடுதலாக உதவுமாம். நோட்டீஸை யார் தோழிக்கு அனுப்புவார்கள்? அழகான ஒரு சேலையை அனுப்புவார்கள்.

எக்ஸில் சிக்கல் வேறு. இலவசக் கணக்குக்கு 280 எழுத்து வரம்பு. அதிலும் தமிழுக்குக் கொஞ்சம் நஷ்டம்: புள்ளியும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். ‘சின்னாளப்பட்டி’ நம் கணக்கில் எட்டு எழுத்து, எக்ஸின் கணக்கில் 14. மற்ற இடங்களுக்கு எழுதிய நீளமான வாசகம் இங்கே நுழையவே நுழையாது. லிங்க் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகக் கழியும். பதிவில் விவரத்தை எழுதிவிட்டு, லிங்க்கைப் பதிலில் போடும்படி எலான் மஸ்க்கே 2024 நவம்பரில் சொன்னார். இன்ஸ்டாகிராமுக்காகச் சேர்த்த @ பெயர்களையும் நீக்கிவிட வேண்டும். எக்ஸில் அதே பெயர் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

ஃபேஸ்புக் இந்த விஷயத்தில் சாது. நீளமான வாசகத்தையும் ஏற்கும், லிங்க்கும் திறக்கும். ஆனால் இன்ஸ்டாகிராமிலிருந்து தானாகப் பகிரும் வசதியைப் போட்டு வைத்தால், “லிங்க் பயோவில்” என்ற வரி அங்கேயும் போய் நின்று வாசகரைக் குழப்பும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்களோ ஏற்கெனவே பழகியவர்கள். இரு தரப்பும் எண்ணைச் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். அவர்களிடம் போய்க் கடைப் பெயரையும் முகவரியையும் சொல்வதில் என்ன பயன்? முழுத் திரையையும் நிரப்பும் 1080-க்கு 1920 அளவில் ஒரு சேலை, பெரிய எழுத்தில் விலை, “வேண்டுமென்றால் இதற்கே பதில் போடுங்கள்” என்று ஒரு வரி. அடுத்த சேலை அடுத்த ஸ்டேட்டஸில். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் “இன்று மட்டும்” என்பது இங்கே பொய்யாகாது.

எது பலித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லைக்கை எண்ணினால் தெரியாது. wa.me என்று தொடங்கும் வாட்ஸ்அப் லிங்க்கில், நம்பருக்குப் பின்னால் ?text= சேர்த்து ஒரு வாசகத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். இன்ஸ்டாகிராம் பயோவுக்கு “இன்ஸ்டாவில் பார்த்தேன்”, ஃபேஸ்புக்குக்கு “ஃபேஸ்புக்கில் பார்த்தேன்”, எக்ஸுக்கு அதற்கேற்ற வாசகம் என்று மூன்று லிங்க்குகள். வாடிக்கையாளர் அழுத்தியதும் அந்த வாசகத்தோடு பெட்டி திறக்கும். அவர் அழிக்காமல் அனுப்பினால் எங்கிருந்து வந்தார் என்பது தெரிந்துவிடும். ஸ்டேட்டஸுக்கு இதுவும் வேண்டாம், பதிலே அந்தப் படத்தோடுதான் வரும். தீபாவளி முடிந்ததும் எண்ணிப் பார்த்து, எக்ஸிலிருந்து ஒருவரும் வரவில்லை என்றால், பொங்கலுக்கு அதற்குச் செலவிடும் நேரத்தில் இன்னும் நான்கு சேலைகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடலாம்.