மதியம் வரை மிருதுவான இட்லி

காலை ஏழு மணிக்குப் பஞ்சுபோல் இருந்த இட்லி, மதியம் டப்பாவைத் திறக்கும்போது மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஆவிதான். சூடாக மூடினால் அது மூடியில் நீராகப் படிந்து இட்லியின் மேல் சொட்டும். திறந்தே வைத்தாலோ ஈரம் போய் விளிம்பு வறண்டுவிடும்.

அடுப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஈரக் கைவிரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். அதற்கு மேல் வெந்தால் அப்போதே வறண்டுபோகும். தட்டை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, தண்ணீரில் நனைத்த கரண்டியால் எடுங்கள்.

எடுத்த இட்லிகளை ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் மூடி, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிடுங்கள். பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரு பக்கமும் தடவுங்கள். ஆறு இட்லிக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய் போதும். இந்த எண்ணெய்ப் பூச்சு ஈரம் வெளியேறுவதைத் தடுக்கும். டப்பாவின் அடியில் வாழையிலைத் துண்டு போட்டு அடுக்கி மூடுங்கள். சட்னி, சாம்பார் தனிக் கிண்ணத்தில் போகட்டும்.

இட்லி ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து இறுகும். குளிர்சாதனப் பெட்டியில் அது இன்னும் வேகமாக நடக்கும். அங்கே வைத்த இட்லியை மறுபடி ஆவியில் காட்டினால்தான் இளகும். மாவில் உளுந்து குறைந்திருந்தால், எப்படிக் கட்டினாலும் மதியத்துக்குள் கெட்டியாகிவிடும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கூடவே ஒரு கைப்பிடி ஊறவைத்த அவல் சேர்த்து அரைத்துப் பாருங்கள்.