வெயிலுக்குப் பக்கம் பாருங்கள், மலைக்கு வரிசை பாருங்கள்

கோவையிலிருந்து மதியம் கிளம்பி வால்பாறை போகிறவர்களுக்கு ஒரே பயணத்தில் இரண்டு தொல்லைகள். ஆழியாறு வரை சமவெளியில் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும் வெயில் ஒன்று. அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வரும் தலைசுற்றலும் வாந்தியும் மற்றொன்று. வெயிலுக்கு எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பது முக்கியம். குமட்டலுக்கு எந்த வரிசையில் உட்காருகிறோம் என்பதே முக்கியம்.

வெயில் எந்தப் பக்கம்?

நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.20 மணிக்கு. அதன் பிறகு மேற்கே சாயத் தொடங்கும். ஒரு மணி வாக்கில் வெயிலை பஸ்ஸின் கூரையே தாங்கிக்கொள்ளும். மூன்று மணிக்கு மேல்தான் சாய்ந்த வெயில் ஜன்னல் வழியே மடியில் வந்து விழும்.

கோவை, பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை எல்லாம் ஏறத்தாழ வடக்கு தெற்காக அமைந்தவை. தெற்கு நோக்கிப் போகும் பஸ்ஸில் மேற்கு வலப்பக்கம் இருக்கும். அதனால் மதியத்துக்கு மேல் கிளம்பினால் இடப்பக்கம் உட்கார வேண்டும். சென்னையிலிருந்து மதுரை போகும் பகல் பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு இடப்பக்கம் வந்துவிடும். அப்போது வலப்பக்கமே நிழல். கிழக்கு மேற்காகப் போகும் பஸ்ஸில் மாலை வெயில் பின்னாலோ முன்னாலோ இருக்கும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நகர்வதால், அந்தப் பஸ்களில் பகல் முழுக்கத் தெற்குப் பக்க இருக்கைகளில் வெயில் படும்.

மலை ஏறத் தொடங்கியதும் இந்தக் கணக்கு நிற்காது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் எதிர்த்திசைக்குத் திரும்புவதால் வெயிலும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே சமவெளிப் பகுதியை மனதில் வைத்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குமட்டல் எந்த வரிசையில்?

காதின் உட்பகுதி, பஸ் திரும்புவதையும் குலுங்குவதையும் உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையும் அசையாத கைப்பேசித் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. பிரிட்டனில் டர்னர், கிரிஃபின் என்ற இரு ஆய்வாளர்கள் பஸ் பயணிகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னால் உள்ள சாலை சரியாகத் தெரியாதவர்களுக்கு உபாதை அதிகம் என்று கண்டார்கள்.

பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசைகள்தான் வளைவில் அதிகம் வீசி ஆடும், பள்ளத்தில் அதிகம் தூக்கிப்போடும். எனவே பஸ்ஸின் முன் பாதியில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் இருக்கையில் அமருங்கள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் தடுப்பு மறைக்கும். இடப்பக்க முன்வரிசைகளில் சாலை நன்றாகத் தெரியும். பொள்ளாச்சியில் மதியம் ஏறும் வால்பாறைப் பயணிக்கு வெயிலுக்கும் இடப்பக்கம், வளைவுக்கும் இடப்பக்கம். திரும்பும்போது காலையில் கிளம்பினால் வெயில் கிழக்கே, அதாவது வலப்பக்கம் இருக்கும். அப்போதும் இடப்பக்க முன்வரிசையே பொருந்தும்.

முன்பதிவு உள்ள பஸ்ஸில் இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது, படத்தில் ஓட்டுநர் இருக்கை எங்கே என்று முதலில் பாருங்கள். எண் உங்களுடையதானால் அந்த இடத்தைக் கேட்டுப் பெறலாம். முன்பதிவு இல்லாத பஸ்ஸில் உபாதையை நடத்துநரிடம் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் யாராவது இடம் தருவார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தலை வேண்டாம்

வாந்தி வந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. வலப்பக்கம் எதிரே வரும் லாரியும் பஸ்ஸும் கையெட்டும் தூரத்தில் உரசிப் போகும். இடப்பக்கம் பாறையும் மரக்கிளையும் நெருங்கி வரும். கனமான தாள் உறையோ மூடி போட்ட டப்பாவோ கையில் இருக்கட்டும்.

குமட்டலைத் தடுக்கும் புரோமெத்தசின் வகை மாத்திரையை மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் பலன் தரும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் பயன் குறைவு. தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டப் போகிறவர்கள் எடுக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் கண் அழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிறும் நல்லதல்ல, பரோட்டா சால்னாவும் நல்லதல்ல; இரண்டு இட்லி போதும்.

குமட்டல் தொடங்கினால் கைப்பேசியை உள்ளே வையுங்கள், தலையை சீட்டில் சாய்த்துத் தூரத்துச் சாலையைப் பாருங்கள். அடக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் நடத்துநரிடம் சொல்லுங்கள். அகலமான இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையோடு வருபவர் முன்னால் இடம் கேட்டால், உங்களுக்கு உபாதை இல்லையென்றால் எழுந்து கொடுங்கள்.