பாதம் நகராமல் உயரம் கூடும்

கல்யாண ஆல்பத்துக்கான படம் ஒன்றில் மாப்பிள்ளை 2000 பிக்சல் உயரம், பெண் 1700 என்று வைத்துக்கொள்வோம். பெண்ணை மொத்தமாகப் பெரிதாக்கினால் தலையும் பெருத்து, அவர் மட்டும் ஓரடி முன்னால் நிற்பதுபோல் தெரியும்.

கைதேர்ந்தவர்கள் இடுப்புக்குக் கீழேதான் கைவைப்பார்கள். ஃபோட்டோஷாப்பில் பெண்ணைத் தனி லேயராக்கி, இடுப்பு முதல் கணுக்கால் வரையுள்ள 900 பிக்சலை, கீழ்விளிம்பை ஊன்றி, மேல்நோக்கிப் பத்து சதவீதம் நீட்டுவார்கள். மேலுடல் அப்படியே 90 பிக்சல் ஏறும். இடைவெளி 300-லிருந்து 210 ஆகும். பாதமும் அதன் நிழலும் அசையாது.

சிக்கல், கோத்த கைகளில். அவள் கை மட்டும் மேலேறிவிடுமே! விரல்களைப் பழைய இடத்திலேயே பிடித்துவைத்து, Puppet Warp கொண்டு முழங்கையில் சரிசெய்ய வேண்டும்.

இதற்குமேல் நீட்டினால் புடவைக் கட்டங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.