சூத்திரம் சறுக்கிய திங்கட்கிழமை

1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட சூத்திரம், ஓர் ஆப்ஷனின் நியாயமான விலை என்ன என்பதற்கு ஒரே வரியில் விடை தந்தது. பங்கின் இன்றைய விலை, ஸ்ட்ரைக் விலை, கெடு முடிய மீதமுள்ள காலம், வட்டி விகிதம், பங்கின் ஏற்ற இறக்க அளவு ஆகிய ஐந்தையும் போட்டால் விலை வந்துவிடும். முதல் நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவதை யாரும் பார்க்க முடியாது. அது கெடுவரை மாறாது என்று சூத்திரம் வைத்துக்கொள்கிறது. விலை துள்ளாமல் படிப்படியாக நகரும், எந்த நொடியிலும் செலவின்றி வாங்கி விற்கலாம் என்பவையும் அதன் அனுமானங்கள்.

ஒருவர் 100 டாலர் பங்கின் மீது, அதே 100 டாலர் ஸ்ட்ரைக்கில், ஒரு மாதக் கெடுவுக்குப் புட் ஆப்ஷன் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை எவ்வளவு சரிந்தாலும் வாங்கியவர் அந்தப் பங்கை 100 டாலருக்கு அவர் தலையில் கட்டலாம். ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 16 சதவீதம், வட்டி இல்லை என்றால், சூத்திரம் சொல்லும் பிரீமியம் சுமார் 1.85 டாலர். விற்றவர் தற்காப்புக்காகப் பாதிப் பங்கை ஷார்ட் செய்கிறார். விலை இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் விற்கிறார், ஏறினால் திரும்ப வாங்குகிறார். இப்படி இடைவிடாமல் சரிசெய்ய முடிந்தால் அந்த 1.85 டாலர் போதும்.

மறுநாள் காலை சந்தை 80 டாலரில் திறந்தால்? ஆப்ஷனில் குறைந்தது 20 டாலர் நஷ்டம், ஷார்ட்டில் 10 டாலர் லாபம். பிரீமியத்தையும் கழித்தால் கைப்பொறுப்பு 8 டாலருக்கு மேல். கணக்கில் பிழையே இல்லை. 100-க்கும் 80-க்கும் நடுவே விற்பதற்கு ஒரு விலையே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆண்டுக்கு 16 சதவீத ஏற்ற இறக்கம் என்றால் ஒரு நாளின் வழக்கமான அசைவு சுமார் 1 சதவீதம்தான். அதைப்போல் 20 மடங்கு வீழ்ச்சி, சூத்திரத்தின் மணிவடிவ வளைவில் நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்று.

அன்று இன்னொரு அனுமானமும் உடைந்தது. ‘போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ்’ என்ற பெயரில் பெரிய நிதிகள் பல, விலை இறங்கும்போது ஃபியூச்சர்ஸை விற்கும் இதே உத்தியைக் கடைப்பிடித்தன. ஒருவர் விற்றால் சந்தை அசையாது. எல்லாரும் ஒரே பக்கம் விற்றபோது அந்த விற்பனையே விலையை மேலும் கீழே தள்ளியது. தன் வியாபாரம் விலையைப் பாதிக்காது என்ற நம்பிக்கைதான் அந்த உத்தியின் மிகப் பலவீனமான இடம் என்று சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் வியாபாரிகள் சூத்திரத்தைத் தூக்கி எறியவில்லை, தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். சந்தை விலையை உள்ளே போட்டு, அது எந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். நிஃப்டி ஆப்ஷன் பட்டியலில் IV என்றிருக்கும் பத்தி அதுதான். அனுமானம் சரியென்றால் ஒரே கெடுவில் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே எண் வர வேண்டும். ஆனால் இன்றைய நிலைக்கு வெகு கீழே உள்ள புட்களில் அந்த எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். திடீர்ச் சரிவுக்கு எதிரான பாதுகாப்புக்கு வாங்குபவர்கள் சூத்திரத்தைத் தாண்டிக் கொடுக்கும் விலை அது.