மூலம் என்று நினைத்த ரத்தம்

மலத்தில் ரத்தம் கண்டதும் முதலில் வாயில் வரும் சொல் ‘மூலம்’. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். மூலத்தில் மலம் வழக்கம்போலத்தான் வரும். கழிக்கும்போது சிவந்த ரத்தம் சொட்டும், அல்லது மலத்தின் மேல் கோடாகப் படியும்.

முப்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாகக் களிம்பு தடவுகிறார், காரத்தையும் விட்டுவிட்டார். ஆனால் நாளுக்கு ஆறேழு முறை வயிற்றால் போகிறது, சளியும் ரத்தமும் கலந்து. சில நேரம் மலமே இல்லை, சளியும் ரத்தமும் மட்டும்தான். போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல ஓர் உணர்வு. நள்ளிரவில் வயிறு முறுக்கி எழுப்புகிறது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

மூலம் இப்படித் தூக்கத்தைக் கலைத்து ஓட வைக்காது, உடம்பையும் இளைக்க வைக்காது. இது பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸாக இருக்கலாம். பரிசோதனையில் மூலம் தெரிந்துவிட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதுதான் சிக்கல். முதலில் மலப் பரிசோதனையில் அமீபா போன்ற தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கால்புரோடெக்டின் கூடியிருந்தால் குடலில் அழற்சி இருப்பது தெரியும், காரணம் தெரியாது. கொலனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபின்தான் நோயை உறுதி செய்வார்கள்.